‘இது எந்தப் பக்கம்?’

அன்புள்ள ஐயா,

அஞ்சல்வழியில் முதுகலை படிக்கிறேன். காந்தியின் ஆங்கிலத் தொகுப்பு நூல் வரிசையில் 13ஆம் தொகுதியை ஆசிரியர் பிடிஎஃப் கோப்பாக ஏற்றியிருந்தார். அதைப் படித்து, மேற்கோளும் பக்க எண்ணும் தந்து விடை எழுத வேண்டும். ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்று காந்தி சொன்னதாக மேற்கோள் குறிக்குள் எழுதினேன். ஆசிரியர் அதை வட்டமிட்டு, ‘இது எந்தப் பக்கம்?’ என்று கேட்டுவிட்டார். கோப்பு முழுக்கத் தேடியும் அந்த வரி கிடைக்கவில்லை. அதே கருத்துள்ள பகுதி 241ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நூலகத்தில் படித்த தோழி, அது 12ஆம் தொகுதி, பக்கம் 158 என்கிறாள். எதை எழுதுவது? மேற்கோள் தவறாமல் எழுத நீங்கள் எப்படிக் குறிப்பெடுப்பீர்கள்?

செ.

அன்புள்ள செ.,

241, 158 இரண்டுமே சரி. நீங்கள் 241 என்றுதான் எழுத வேண்டும்.

காந்தியின் தொகுப்பு அச்சில் 100 தொகுதிகளாக வந்தது. 1999இல் வந்த மின்பதிப்பில் அதே எழுத்துகளை வேறு விதமாகப் பிரித்து 98 தொகுதிகளாக்கினார்கள். அதனால் ஒரே கட்டுரை அச்சில் 12ஆம் தொகுதியிலும் மின்பதிப்பில் 13ஆம் தொகுதியிலும் இருக்கிறது. அச்சில் அந்த 12ஆம் தொகுதி வெளியான ஆண்டு 1964. உங்கள் தோழி கையில் எடுத்தது அது, உங்களுக்குக் கிடைத்தது மற்றது. நாம் தரும் பக்க எண், நாம் உண்மையில் பார்த்த பதிப்பின் எண்ணாக இருக்க வேண்டும். தோழி சொன்னதை வாங்கி எழுதினால் நீங்கள் திறக்காத நூலுக்கு நீங்கள் சாட்சி சொன்னதாகிவிடும். உங்கள் விடையைத் திருத்துபவர் 13ஆம் தொகுதியின் 158ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அங்கே வேறு ஏதோ இருக்கும். எனவே ‘மின்பதிப்பு, தொகுதி 13, பக்கம் 241’ என்று பதிப்பையும் சேர்த்து எழுதுங்கள். கட்டுரையின் பெயரும் தேதியும் கூட இருந்தால், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். இது ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் 1913 ஆகஸ்ட் 9 அன்று குஜராத்தியில் வந்தது. உடல்நலம் பற்றி அவர் எழுதிய தொடரில், விபத்துகள் என்ற பிரிவில், பாம்புக்கடி பற்றிய பகுதி.

241 என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோப்பைத் திறந்ததும் திரையின் ஓரத்தில் ஓர் எண் ஓடும். அது, அட்டையிலிருந்து தொடங்கிக் கணினி எண்ணுகிற தாள்களின் வரிசை. பக்கத்தின் மேலோ அடியிலோ அச்சாகியிருப்பதுதான் நூலின் பக்க எண். முன்னுரையும் பொருளடக்கமும் கொண்ட நூல்களில் இவை இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். ஒரு பேச்சுக்கு, அச்சில் 1 என்றிருக்கும் பக்கம் திரையில் 23 என்று காட்டினால் வித்தியாசம் 22. ஆனால் அந்த 22ஐ நம்பி எல்லாப் பக்கத்துக்கும் கழித்துக்கொண்டு போகாதீர்கள். நடுவில் எண்ணில்லாத படத்தாள் இருக்கலாம், ஸ்கேன் செய்தவர் ஒரு பக்கத்தை விட்டிருக்கலாம், ஒன்றை இருமுறை எடுத்திருக்கலாம். எந்தப் பக்கத்தை எடுத்தாளுகிறோமோ அந்தப் பக்கத்தின் அச்சு எண்ணைக் கண்ணால் பார்த்து எழுதுவதே என் வழக்கம்.

தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். `be the change` என்று முழுத்தொடரைத் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழுத்தொடரைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. தொடர் வரியின் முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் சில செயலிகளுக்கு அது அகப்படாது. ஸ்கேன் படத்திலிருந்து கணினி எழுத்துகளை வாசித்தெடுக்கும்போது ஓர் எழுத்து பிசகினாலும் அகப்படாது. தமிழ்க் கோப்புகளில் இது இன்னும் மோசம். ரகரமும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒரே உருவம், கணினி ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடும். பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பாக இருந்தால் திரையில் நல்ல தமிழாகத் தெரிவது தேடலுக்கு வெறும் குறிகளாகத்தான் இருக்கும். அதனால் தேடலில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நூலில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அந்த இடத்தில் வரக்கூடிய அரிதான ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள். இங்கே `mirror` என்று தேடினால் நீங்கள் கண்ட பகுதிக்கே வந்து சேர்வீர்கள்.

அங்கே இருப்பதை ஆங்கிலத்திலிருந்து நான் தமிழாக்கித் தருகிறேன்: “நாம் உலகின் பிரதிபலிப்பே. புற உலகில் உள்ள போக்குகள் எல்லாம் நம் உடலென்னும் உலகிலும் காணப்படுகின்றன. நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும். ஒரு மனிதன் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும்போது அவனிடம் உலகம் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. … பிறர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நாம் காத்திருக்க வேண்டியதில்லை.”

இதை உங்கள் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ‘நீ’ இல்லை, ‘நாம்’ இருக்கிறது. கட்டளை இல்லை, ‘முடிந்தால்’ என்ற நிபந்தனை இருக்கிறது. சுவரொட்டியில் ஒட்டும்படியான ஒற்றை வாக்கியமும் இல்லை. பாம்பையும் பிற உயிர்களையும் மனிதன் பகையாக எண்ணுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து அவர் இந்த இடத்தை அடைகிறார். யாரோ இதன் சாரத்தைச் சுருக்கினார்கள், சுருக்கம் மேற்கோள் குறிக்குள் ஏறிக்கொண்டது. பக்க எண் கேட்டு வட்டமிட்ட உங்கள் ஆசிரியருக்கு நான் நன்றி சொல்கிறேன். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் பாம்புக்கடி பற்றிய கட்டுரையை நீங்கள் வாசித்திருக்கவே மாட்டீர்கள்.

நீங்கள் பொய்யாக எதையும் புனையவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தப் பிழை நம் மொழியில் எளிதாக நேரும், காரணம் ‘என்று’. காந்தி, நாம் மாறினால் உலகம் மாறும் என்று சொன்னார் என எழுதினால், அது அவர் வாய்ச்சொல்லா, அவர் கருத்தை நான் என் சொல்லில் சொன்னதா? வாக்கிய அமைப்பில் அதைக் காட்ட ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் ஒரே ‘என்று’தான். வித்தியாசத்தைத் தாங்கி நிற்பது அந்த இரட்டை மேற்கோள் குறி மட்டும். நேற்று நம் சொற்களில் குறித்துவைத்ததை இன்று எடுத்து எழுதும்போது, அழுத்தம் வேண்டி ஒரு குறியைப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணத்தில் நம் வாக்கியம் அவருடையதாகிவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையில் எனக்கே இது நடந்தது. வாசகர் ஒருவர் மூலநூலின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். கருத்து ஒன்றுதான், ஆனால் நான் குறிக்குள் போட்ட வாக்கியத்தில் பாதிச் சொற்கள் என்னுடையவை. அந்த நூலாசிரியர் உயிரோடு இல்லை, மறுக்க வரமாட்டார் என்பதை நினைத்து அன்று மிகவும் வருந்தினேன்.

அதன்பின் குறிப்பெடுக்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் அச்சுப் பக்க எண்ணை எழுதுவேன். பிறகு திறப்புக் குறி, பக்கத்தைப் பார்த்தபடியே சொற்கள், மூடும் குறி. எண் எழுதாமல் குறியைத் திறப்பதில்லை. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குறியே போடாமல், வரியின் தொடக்கத்தில் ‘என் சொல்’ என்று எழுதிவிடுவேன். அதற்கும் பக்க எண் உண்டு. கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினாலும் பக்கத்தின் படத்தோடு ஒருமுறை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவேன், மேலே சொன்ன ரகரச் சிக்கலுக்காக. மூலத்தில் அச்சுப்பிழை இருந்தால் அதையும் அப்படியே வைப்பேன். விளக்கத்துக்காக நானாக ஒரு சொல்லைச் சேர்த்தால் சதுர அடைப்புக்குள் போடுவேன்.

மேலே நான் தந்த பகுதியில் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா? அங்கே இரண்டு வாக்கியங்களை விட்டிருக்கிறேன். இதை ஒரு தெய்வீக மர்மம் என்றும் நம் மகிழ்ச்சியின் ஊற்று என்றும் சொல்கிற வாக்கியங்கள் அவை. உங்கள் விடைக்கு அவை தேவைப்படாமல் போகலாம், ஆனால் விட்டிருக்கிறேன் என்பது தெரிய வேண்டும். விட்டதைச் சேர்த்தால் பொருள் மாறும் என்றால் விடவே கூடாது. சமயநோக்கு பற்றிய கேள்விக்கு விடை எழுதினால் அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் முதலில் எடுத்தாள வேண்டும்.

இன்னொன்று. காந்தி எழுதியது குஜராத்தியில். உங்கள் கோப்பில் இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழில் வருவது அதன் மொழிபெயர்ப்பு. இத்தனை கை மாறியதைச் சொல்லாமல் தமிழ் வாக்கியத்தைக் குறிக்குள் வைத்தால், காந்தி தமிழில் பேசியதுபோல் ஆகிவிடும். ‘தமிழாக்கம் என்னுடையது’ என்ற இரண்டு சொற்கள் போதும். தொகுப்பின் வேறொரு பகுதியைத் தமிழில் அச்சான நூலிலிருந்து எடுத்தால் அந்த நூலின் பக்கத்தைத் தாருங்கள், ஆங்கிலத் தொகுதியின் பக்கத்தை அல்ல.

விடையைத் திருத்தி எழுதுவதாக இருந்தால் நான் இப்படி எழுதுவேன்:

“தன்னை மாற்றிக்கொள்வதற்கும் உலகம் மாறுவதற்கும் உள்ள உறவை காந்தி பாம்புக்கடி பற்றிய கட்டுரையில் பேசுகிறார். ‘நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும்’ என்பது அவர் கூற்று (மின்பதிப்பு, தொகுதி 13, பக்கம் 241, தமிழாக்கம் என்னுடையது). பிறருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றும் அங்கேயே சொல்கிறார். அவர் பெயரில் பரவலாக வழங்கும் ‘மாற்றமாக நீயே இரு’ என்ற வாசகம், நான் தேடிய வரையில், இந்தத் தொகுதியில் இல்லை.”

கடைசி வாக்கியத்தை எழுதத் தயங்காதீர்கள். ‘காந்தி எங்குமே சொல்லவில்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நீங்கள் வாசித்தது 98இல் ஒன்றைத்தான். விடையை அனுப்புவதற்கு முன், கடைசி மேற்கோளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கோப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதலிலிருந்து வாசித்தால் வாதத்தின் ஓட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், சொற்கள் கண்ணில் படாது.

அன்புடன்.