வினையை ஒட்டி நிற்கும் சொல்

"தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். 'மாரி கணவாயை எடுத்தான்', 'கணவாயை மாரி எடுத்தான்' இரண்டும் ஒன்றுதானே? ஆனால் சில இடங்களில் ஒன்றுதான் பொருந்துகிறது. ஏன்?"
— வாசகி, தொண்டி

அன்புள்ள தோழிக்கு,

எடுத்தவன் மாரி, எடுத்தது கணவாய் மீன். அதில் மாற்றமில்லை. கேட்பவருக்கு முன்பே தெரிந்தது எது, அவருக்குப் புதிது எது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

பாம்பன் கரையில் ஏலம் நடக்கிறது. தாமதமாக வந்த வியாபாரி, "கணவாயை யாரு எடுத்தா?" என்கிறார். "கணவாயை மாரி எடுத்தான்" என்றால் சரி. "மாரி என்ன எடுத்தான்?" என்று கேட்டவருக்கு அதே பதிலைச் சொன்னால் ஒட்டாது, "மாரி கணவாயை எடுத்தான்" என்றே சொல்ல வேண்டும். தெரிந்த பேசுபொருள் முன்னால் போகும், புதுச்செய்தி வினையை ஒட்டி அதற்கு முன்னால் நிற்கும். யார், என்ன போன்ற வினாச்சொற்களும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன. பேச்சில் குரலை அழுத்தி இந்த வரிசையை மீறலாம். எழுத்தில் அந்த வசதி கிடையாது.

பேச்சில் வினைக்குப் பின்னாலும் ஓர் இடம் உண்டு. "எடுத்துட்டான் மாரி" என்றால் மாரியைப் பற்றிய பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் "கணவாயை எடுத்தான் யாரு?" என்பது காதில் இடறுகிறது.

வரிசையை விட இடைச்சொல் இன்னும் துல்லியமானது. "மாரியா கணவாயை எடுத்தான்?" என்பதில் ஆள்மேல் சந்தேகம். "மாரி கணவாயையா எடுத்தான்?" என்பதில் சரக்கின்மேல். "எடுத்தானா?" என்றால் எடுத்தானா இல்லையா என்பதே கேள்வி. பதிலில் வரும் "மாரிதான்", பலருக்குள் ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் ஒன்றான பிரிநிலையை இன்று பெரும்பாலும் இந்தத் 'தான்' சுமக்கிறது.

மறுக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். அந்த வியாபாரியிடம் "கணவாயை மாரி எடுக்கலை" என்றால், பெட்டி இன்னும் விலைபோகாமல் கிடக்கலாம். அவர் ஏலம் கேட்க ஓடுவார். "கணவாயை எடுத்தது மாரி இல்லை" என்றால் வேறு யாரோ எடுத்தாயிற்று, ஓடிப் பயனில்லை. 'எடுத்தது' என்று வினையைப் பெயராக்கியதும், எடுத்த செய்தி இருவருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது. 'இல்லை' மாரியை மட்டுமே தொடுகிறது.

இந்தச் சுதந்திரத்துக்கு எல்லையும் இருக்கிறது. "மாரி எடுத்த கணவாய் கெட்டுப்போச்சு" என்பதில் 'எடுத்த' என்ற எச்சத்தைக் கணவாய்க்குப் பின்னால் தள்ள முடியாது. சந்தேகம் மாரிமேல் என்றாலும் "மாரியா எடுத்த கணவாய் கெட்டுப்போச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. "மாரி எடுத்த கணவாயா கெட்டுப்போச்சு?" என்று தொடர் முழுவதற்கும் வெளியே 'ஆ' போய் உட்காரும்.