சின்னக் கேக்குக்குச் சூட்டைக் குறைக்காதீர்கள்

அன்பின் அக்கா,

மகளின் பிறந்தநாளுக்குக் கால் கிலோ பட்டரும் ஐந்து முட்டையும் போட்ட வழக்கமான பட்டர் கேக்கை மினி மஃபின் கப்புகளில் சுட்டேன். 8 அங்குலச் சதுரத் தட்டில் என்றால் 175 பாகையில் 48 நிமிடம் வைப்பேன். கப்புகள் சின்னவை, கருகிவிடும் என்று பயந்து 150 பாகைக்குக் குறைத்து, டூத்பிக் சுத்தமாக வரும்வரை 25 நிமிடம் வைத்தேன். எல்லாம் வெளுத்து, ரஸ்க் மாதிரி வறண்டுவிட்டன. சரியாக எத்தனை பாகை, எத்தனை நிமிடம்? கடதாசிக் கப்பின் நிறம் ஏதும் காரணமா? மா ஊற்றாத குழிகளில் தண்ணீர் விட வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு வாசகி, மட்டக்களப்பு

அன்புத் தங்கைக்கு,

கடதாசியின் நிறத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கதையையும் விட்டுவிடுங்கள். வெறுங்குழி வெறுங்குழியாகவே இருக்கட்டும், அதனால் பக்கத்துக் கேக்குக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் 150 என்ற எண்தான். கால் கிலோ பட்டரையும் ஐந்து முட்டையையும் குழந்தையின் பிறந்தநாள் ஆசையையும் ஒரு பயத்துக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று படித்தவுடன் கோபம் வந்தது. உங்கள்மேல் மட்டுமல்ல, "சின்னதுதானே, சூட்டைக் குறைத்து வை" என்று வீடு வீடாகச் சொல்லப்படும் அந்தப் பேச்சின்மேலும்தான் வந்தது. கொஞ்சக் காலமாகவே அதை நான் மனத்துக்குள் மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் தோசை சுடுகிறவர்தானே? மெல்லிய தோசைக்குக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்றும், தடித்த தேங்காய்ப்பூ ரொட்டிக்கு நெருப்பை அடக்க வேண்டும் என்றும் உங்கள் கைக்குத் தெரியும். ரொட்டிக்கு நெருப்பை அடக்குவது, சூடு மெதுவாக நடுவரை போய்ச் சேர்வதற்குள் வெளிப்புறம் கருகிவிடக் கூடாது என்பதற்காக. தோசைக்கு அந்தக் கவலை இல்லை. உட்புறம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லாததால், சூடான கல்லில் சட்டென்று சிவந்து எழும்பிவிடுகிறது. அதே தோசையை மெல்லிய நெருப்பில் வைத்துப் பாருங்கள், சிவப்பதற்கு முன்பே ஈரம் எல்லாம் போய் வறட்டி போலாகிவிடும். உங்கள் கப் கேக்குகளுக்கு நடந்தது இதுவேதான். அடுப்பில் உங்கள் கை அறிந்ததை ஓவனின் கதவுக்கு வெளியே ஏன் விட்டுவிட்டீர்கள்?

என் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு பேக்கரியில் போறணை பார்த்தவர். செங்கல் போறணைக்குள் விறகை எரித்துத் தணலை வாரி வெளியே எடுத்து, நனைத்த சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு பிடி மாவைத் தளத்தில் வீசிப் பார்ப்பார். மா உடனே கறுத்தால் காத்திருப்பார். மெல்லப் பொன்னிறமாகச் சிவந்தால்தான் பாண் உள்ளே போகும். அதற்குப் பிறகு போறணைக்கு நெருப்பு கிடையாது, சூடு மணிக்கு மணி இறங்கிக்கொண்டே போகும். பாண் வெளியே வந்ததும் பணிஸ் போகும், அதன் பின் சின்னச் சின்னக் கப் கேக்குகள் போகும், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் பெரிய பட்டர் கேக் போகும். பத்து வயதில் எனக்கு அந்த ஒழுங்கு விளங்கவில்லை. பெரிய கேக்குக்குத்தானே பெரிய சூடு வேண்டும் என்று கேட்டேன். "பெரியதுக்கு நேரம் வேணும் பிள்ளை, சின்னதுக்குத்தான் சூடு வேணும்" என்று சொல்லிவிட்டு நீளக் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். வெப்பமானி இல்லாத அந்த மனிதர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் சொன்னதைக் கணக்காகவும் காட்டலாம். உங்கள் சதுரத் தட்டில் கேக் எழும்பி ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரம் வருகிறது. சூடு மேலிருந்தும் கீழிருந்தும் நடுவை அடைய இரண்டரை சென்டிமீட்டர் போக வேண்டும். மினி கப்பில் அதே மா இரண்டரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர்தான் உயர்கிறது. சூடு போக வேண்டிய தூரம் ஏறக்குறைய பாதி. ஆனால் தூரம் பாதியானால் நேரம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது, ஏனென்றால் மாவுக்குள் சூடு ஊறிச் செல்லும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 48 நிமிடத்தில் கால் பங்கு 12 நிமிடம். சூட்டைத் தொடாமலே கணக்கு இவ்வளவு இறங்கிவிடுகிறது. நீங்கள் நேரத்தைப் பாதியாக மட்டும் குறைத்துவிட்டு, மீதியைச் சூட்டில் குறைத்தீர்கள்.

அதனால் வந்த கேட்டை இன்னும் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். ஒரே அளவு மாவைச் சின்னக் கப்புகளாகப் பிரித்தால், அதன் வெளிப்பரப்பு முழுக் கேக்கினுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடுகிறது. ஈரம் வெளியேறுவது அந்தப் பரப்பின் வழியாகத்தான். இரண்டரை மடங்கு வாசலைத் திறந்துவைத்துவிட்டு, 12 நிமிடத்தில் முடிய வேண்டியதை 25 நிமிடம் உள்ளே வைத்திருந்தால், வறளாமல் வேறு என்ன ஆகும்? சிவப்பு நிறமோ மேற்பரப்பு நன்றாகச் சூடேறினால் மட்டுமே வருவது. 150 பாகையில் மேற்பரப்பு அந்தச் சூட்டை எட்டவே நெடுநேரம் எடுக்கும், அதற்குள் உட்புறம் காய்ந்துவிடும். சின்னக் கேக் கருகும் என்ற உங்கள் பயம் பொய்யல்ல. ஆனால் அது கருகுவது பெரிய கேக்கின் நேரத்துக்கு அதை உள்ளே விட்டால்தான். பெரிய கேக்கின் சூட்டால் அது கருகுவதில்லை.

போன ஞாயிறு உங்கள் அளவையே எடுத்து நானும் சுட்டேன். பட்டர், சீனி, கோதுமை மா ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை ஐந்து, பால் மூன்று மேசைக்கரண்டி, கொஞ்சம் பேக்கிங் பவுடர். குழைத்த மா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒரு குழிக்கு 18 கிராம், அதாவது மேசைக்கரண்டியில் குவித்து ஒன்று, குழியில் மூன்றில் இரண்டு பங்கு. ஓவனை 175 பாகையில் இருபது நிமிடம் காயவிட்டு, நடுத்தட்டில் வைத்தேன். பிறகு கதவோரத்துக் கப்பை ஒவ்வொன்றாக எடுத்துப் பிளந்து பார்த்தேன். 9ஆவது நிமிடத்தில் ஓரம் கட்டியிருந்தது, நடுவில் ஒரு பயற்றங்காய் விதை அளவுக்குப் பச்சை மா பளபளத்தது. 11இல் பளபளப்பு இல்லை, ஆனால் விரலில் ஈரம் ஒட்டியது. 12இல் விரலால் மெல்ல அழுத்திய பள்ளம் உடனே மேலே வந்தது, விளிம்பு மட்டும் தேன் நிறமாகிக் குழியின் சுவரிலிருந்து ஒரு மயிரிழை விலகியிருந்தது. வேண்டுமென்றே விட்டுவைத்த ஒன்றை 15இல் எடுத்தேன். அடி பழுப்பாகி, ஓரம் பல்லில் கறுக்கென்றது. கதவைத் திறந்து மூடியதில் எனக்கு ஒரு நிமிடம் கூடியிருக்கும். 48 நிமிடக் கேக்கில் மூன்று நிமிடத் தவறு தெரியாது. இங்கே கேக்கைக் கெடுக்க அந்த மூன்று நிமிடமே போதும். ஆகவே 9ஆவது நிமிடத்திலிருந்து ஓவனைவிட்டு அசையாதீர்கள்.

டூத்பிக்கையும் அளவுக்கு மேல் நம்பிவிட்டீர்கள். சின்னக் கேக் ஓவனிலிருந்து வந்த பிறகும் சூடான உலோகத் தட்டுக்குள் வெந்துகொண்டேதான் இருக்கும். ஈர மா ஒட்டக் கூடாது. ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டினால் அதுதான் எடுக்கும் நேரம். எடுத்து இரண்டு மூன்று நிமிடத்தில் கப்புகளைத் தட்டிலிருந்து தூக்கிக் கம்பி வலையில் வைத்துவிடுங்கள். தட்டிலேயே ஆறவிட்டால், 12ஆவது நிமிடத்தில் சரியாக எடுத்த கேக்கும் 15ஆவது நிமிடத்துக் கேக்காகிவிடும்.

175 என்பதும் எல்லா வீட்டுக்கும் பொதுவான எண் அல்ல. உங்கள் தட்டு கறுப்புப் பூச்சுள்ளதாக இருந்தால் அது சூட்டைக் கூடுதலாக உறிஞ்சும், பத்துப் பாகை இறக்கலாம். விசிறி ஓடும் ஓவனில் பதினைந்து இருபது பாகை இறக்குவது பெரிய கேக்குக்கும் பொருந்தும். 190க்கு ஏற்றினால் ஓரம் முதலில் கட்டிவிட, நடுமா கூம்பாக மேலே தள்ளி வெடிக்கும். ஐசிங் வைக்க முடியாது. சீனியும் பழமும் நிறைந்த நத்தார்க் கேக் மட்டும் இந்த வழக்குக்கு வெளியே நிற்கிறது. மேலே வந்து நிற்கும் பிளம்ஸ் எரிந்து கசந்துவிடும் என்பதால் சின்னக் கப்பிலும் அதை 150, 160 பாகையில்தான் சுட வேண்டும். உங்கள் பட்டர் கேக்குக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். உங்கள் அளவு மாவில் அறுபது கேக் வரும். 24 குழித் தட்டு ஒன்றுதான் இருந்தால் இரண்டரைத் தடவை சுட வேண்டும். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடுகிறது, நம் ஊர் வெக்கையில் பட்டரும் இளகிப் பிரியப் பார்க்கும். காத்திருக்கும் மாவை நல்ல குளிரான இடத்தில் மூடிவையுங்கள், இடையில் கிளறாதீர்கள், கரண்டியால் ஓரத்திலிருந்து அள்ளி அப்படியே விடுங்கள். வெளியே வந்த தட்டில் சூட்டோடு அடுத்த மாவை விடவே கூடாது. ஓவனுக்குள் போகும் முன்பே சுவரோரத்து மா உருகி, அடி எண்ணெய் குடித்ததுபோல் வரும். தட்டின் பின்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டித் துடைத்துவிட்டு நிரப்புங்கள். அந்த ஐந்து நிமிடமும் ஓவன் மூடியிருக்கட்டும், 175இலேயே.

அன்புடன்,
அக்கா