வியாசர்பாடி தண்ணீர்க் குழாய்த் திட்டம்: 12 சதவீதக் கழிவு வீதம் சரியா?

"செலவு 100 கோடி, நிகர நன்மை ஆண்டுக்கு 9 கோடி, 30 ஆண்டு. எல்லாம் இன்றைய விலையில். கடன் வட்டி 12%-ல் கழித்தால் திட்டம் நஷ்டம். எங்கே தவறு?"

நன்மையில் விலையேற்றம் இல்லை, வட்டியில் இருக்கிறது. அங்கேதான் சிக்கல். விலையேற்றம் 5% என்றால் 1.12/1.05 − 1, அதாவது விலையேற்றம் நீக்கிய மெய்வீதம் சுமார் 6.7%. 12%-ல் நன்மையின் இன்றைய மதிப்பு 72.5 கோடி, 6.7%-ல் சுமார் 115 கோடி.

ஆனால் கடன் வட்டி அரசின் நிதிச்செலவுதான், சமூகக் கழிவு வீதமல்ல. அதனால் 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே திட்டம் நஷ்டம் என்பதையும் அறிக்கையில் காட்டுங்க. வீதத்தை இன்னும் குறைத்துத் தேற்ற வேண்டாம். லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் நேரத்துக்கு மதிப்புப் போட்டீங்களா? பெரும்பாலும் விடுபடுவது அதுதான். தண்ணீர்க் கட்டணத்தை மட்டும் தனி நன்மையாகச் சேர்க்காதீங்க, அது கைமாறும் பணம்.