எதைப் பற்றிய கவிதை, அது என்ன சொல்கிறது: கேள்வி பதில்

கவிதையின் பாடுபொருளும் மையக்கருத்தும் ஒன்றுதானே? எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.

ஒன்றல்ல. இதை விளக்குவதற்காகவே நான்கு வரி எழுதினேன்:

பூட்டிய வீட்டின் வாசலில்
நாய் இன்னும் படுத்திருக்கிறது.
வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம்
வால் ஒருமுறை ஆடி நிற்கிறது.

வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள், நாய் வாசலில் காத்துக் கிடக்கிறது. பாடுபொருள் அவ்வளவுதான். மேலோட்டமாகப் படித்தாலே இதைச் சொல்லிவிடலாம்.

மையக்கருத்துக்குச் சொற்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 'இன்னும்' என்பதால் அவர்கள் போய் நாளாகிவிட்டது என்று தெரிகிறது. 'கேட்கும்போதெல்லாம்' என்பதால் இது பலமுறை நடந்திருக்கிறது. வால் ஆடுவது நம்பிக்கை, நிற்பது ஏமாற்றம். ஆனால் அடுத்த வண்டிக்கும் அது ஆடத்தான் போகிறது. ஆக, கவிதை சொல்வது: எத்தனை முறை ஏமாந்தாலும் அன்பு எதிர்பார்ப்பதை விடுவதில்லை.

இப்போது கடைசி வரியை மட்டும் 'வால் அசைவதே இல்லை' என்று மாற்றுங்கள். அதே நாய், அதே வாசல், அதே பூட்டு. ஆனால் கவிதை இப்போது வேறொன்றைச் சொல்கிறது: தொடர்ந்து ஏமாந்தால் அன்பும் ஒருநாள் ஓய்ந்துவிடும். பாடுபொருள் அப்படியே இருக்க, மையக்கருத்து தலைகீழாகிவிட்டது.

அப்படியானால் மையக்கருத்து 'காத்திருப்பு' என்று எழுதலாமா?

பாதி சரி. நாயிலிருந்து காத்திருப்புக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் காத்திருப்பைப் பற்றி என்ன? நான் காட்டிய இரண்டு வடிவங்களுக்கும் 'காத்திருப்பு' பொருந்துகிறது பாருங்கள். எதிரெதிராகப் பேசும் இரண்டு கவிதைகளுக்கும் ஒரே விடை பொருந்தினால் அது மையக்கருத்து ஆகாது. முழு வாக்கியமாக எழுதுங்கள்.

வளர்ப்புப் பிராணிகளைக் கைவிடக் கூடாது என்பதுதானே கருத்து?

அது நல்ல அறிவுரை, ஆனால் எந்தச் சொல்லில் இருக்கிறது? கவிதையில் 'கூடாது' என்ற தொனியே இல்லை. படித்ததும் நமக்குத் தோன்றும் நீதியைக் கவிதையின் தலையில் ஏற்றாதீர்கள்.

தொல்காப்பியம் சொல்லும் உரிப்பொருள்தானே மையக்கருத்து? இதற்கு ஏன் இவ்வளவு சுற்றல்?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஐந்தும் பாட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று காட்டும். முல்லைத்திணைப் பாட்டு இரண்டை எடுத்தால் இரண்டிலும் தலைவி ஆற்றியிருக்கலாம். ஒன்று அவள் உறுதியைச் சொல்லலாம், மற்றொன்று அந்த உறுதிக்கு அடியில் இருக்கும் அச்சத்தைச் சொல்லலாம். உரிப்பொருள் வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே நாம்தான் போக வேண்டும்.

'பூட்டிய வீடு' என்றால் யாரோ பூட்டியிருக்கிறார்கள். நாயை வெளியே விட்டுப் பூட்டியவர்கள்மீது குற்றம் சாட்டும் கவிதை இது. நீங்கள் எழுதியதாலேயே உங்கள் விளக்கம் சரியாகிவிடாது.

உண்மை, எழுதியவன் என்பதால் எனக்குச் சலுகை கிடையாது. வரிகளை வைத்தே பேசுவோம். பூட்டியவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பெயரெச்சம், அடுத்த மூன்று வரியும் நாயிடமே இருக்கின்றன. குற்றம் சாட்டும் கவிதை குற்றவாளியை இப்படிவிட்டு நகருமா? தவிர, அவர்கள் ஏன் போனார்கள் என்று எங்கும் இல்லை. இறந்துகூடப் போயிருக்கலாம்.

ஆளே இல்லாமல் ஒரு சொல்லில் முடித்ததுதான் குற்றச்சாட்டு என்கிறேன். அவர்கள் நாயை மறந்ததுபோலக் கவிதை அவர்களை மறந்துவிட்டது.

வலுவான வாதம். இதற்கு இடம் கொடுத்தால் மையக்கருத்தை இப்படிச் சொல்லலாம்: போனவர்களுக்குப் பூட்டோடு முடிந்த உறவு, விடப்பட்டதற்கு முடிவதில்லை. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் சேர்த்துப் பொருந்துகிறது, என்னுடையதைவிட நெருக்கமாகவே இருக்கிறது. குற்றச்சாட்டு என்ற சொல்லை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை.

இது எந்தப் பா வகை?

புதுக்கவிதை. யாப்புக் கேள்விகளுக்கு இது இடமில்லை.

ஒரே வார்த்தையில் மையக்கருத்து என்ன? அன்பா, நன்றியா?

இரண்டாவது பதிலைப் படியுங்கள். ஒரே வார்த்தையில் முடியாது.

தேர்வில் 'ஏக்கம்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

மறுபடியும் ஒற்றைச் சொல். ஏக்கத்தைப் பற்றிக் கவிதை என்ன சொல்கிறது என்று எழுதி, அதற்கு ஆதாரமான சொல்லையும் எடுத்துக் காட்டுங்கள்.

நான் மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். அதன் மையக்கருத்து என்னவாக இருக்கும்?

மழை என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வரிகளை அனுப்புங்கள். அதற்கு முன் எந்த வரியை மாற்றினால் கவிதை வேறு பேச்சுப் பேசுகிறது என்று நீங்களே மாற்றிப் பாருங்கள். எந்த வரியை மாற்றியும் எதுவும் மாறவில்லை என்றால், இப்போதைக்கு மழை மட்டும்தான் இருக்கிறது.