p மதிப்பு 0.47 வந்தால் இரண்டு தீவனமும் ஒன்றாகிவிடுமா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் கறிக்கோழிப் பண்ணையில், சோயா புண்ணாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனத்தைச் சோதித்தோம். ஒவ்வொரு தீவனத்துக்கும் 12 தடுப்புகள், தடுப்புக்கு 30 கோழிகள். 35ஆம் நாள் சராசரி எடை பழைய தீவனத்தில் 2050 கிராம், புதியதில் 2032 கிராம். தடுப்புகளின் சராசரிகளுக்கிடையே திட்ட விலக்கம் 60 கிராம். டி சோதனையில் p = 0.47. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. அந்த 0.47 சொல்வதெல்லாம், வேறுபாடு இருப்பதாகக் காட்டப் போதுமான சான்று இல்லை என்பதுதான். தடுப்புகளைக் குறைத்துக்கொண்டே போனால் எந்த இரண்டு தீவனத்துக்கும் இப்படியொரு p மதிப்பை வரவழைத்துவிடலாம். சான்று குறைந்தால் முடிவு சாதகமாகிவிடும் என்பது நியாயமான சோதனை அல்ல.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எத்தனை கிராம் வேறுபாடு வந்தால் பண்ணைக்கு வலிக்கும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். எடை பார்ப்பதற்கு முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும். புதிய தீவனம் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் மலிவு, ஒரு கோழி 35 நாளில் சுமார் 3.2 கிலோ தின்கிறது என்று கொண்டால், கோழிக்கு ஏறத்தாழ 5 ரூபாய் மிச்சம். உயிர்க்கோழி விலை கிலோ 100 ரூபாய் என்றால், 50 கிராம் எடை குறைந்தாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். உங்கள் விலைகளைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இங்கே எல்லையை ±50 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன். மேல் எல்லையும் வேண்டும். எடை கூடிப்போனாலும் கோழி பிடிக்கும் நாளும் தீவனக் கணக்கும் மாறிவிடும்.

இனி இரண்டு ஒருபக்கச் சோதனைகள். புள்ளியியலாளர் ஷூயர்மன் 1987இல் மருந்துகளின் சமானத்தைக் காட்ட விரிவாக எழுதிய முறை இது. முதல் சோதனையில் "குறைவு 50 கிராமோ அதற்கு மேலோ" என்பதை மறுக்க வேண்டும். இரண்டாவதில் "கூடுதல் 50 கிராமோ அதற்கு மேலோ" என்பதை மறுக்க வேண்டும். இரண்டும் மறுக்கப்பட்டால்தான் சமானம். ஆர் மென்பொருளில் இரண்டே வரி:

```
t.test(pudhu, pazhaya, mu = -50, alternative = "greater", var.equal = TRUE)
t.test(pudhu, pazhaya, mu = 50, alternative = "less", var.equal = TRUE)
```

உங்கள் வேறுபாடு −18. திட்டப் பிழை 60 × √(2/12), அதாவது 24.5. மேல் எல்லைக்கு t = −68/24.5 = −2.78; தாராளமாகத் தேறுகிறது. கீழ் எல்லைக்கு t = 32/24.5 = 1.31. 22 கட்டின்மைப் பாகைகளுக்குத் தேவையானது 1.72. தேறவில்லை, p சுமார் 0.10. இரண்டில் பெரிய p மதிப்புதான் மொத்தச் சோதனையின் p மதிப்பு. இதையே 90 சதவீத நம்பிக்கை இடைவெளியாகப் பார்த்தால் −60 முதல் +24 வரை வருகிறது. கீழ் முனை −50ஐத் தாண்டிவிட்டது. (95 அல்ல, 90தான், ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதத்தில் சோதிக்கிறோம்.) ஆக, உங்கள் தரவு வேறுபாட்டையும் நிறுவவில்லை, சமானத்தையும் நிறுவவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "தடுப்புக்கு 30 கோழி, ஆக ஒரு தீவனத்துக்கு 360 கோழிகள்" என்று ஒவ்வொரு கோழியையும் தனி அளவாக உள்ளே தள்ளுவார்கள். தனிக்கோழி எடையின் திட்ட விலக்கம் 205 கிராம் அளவில் இருந்தால் திட்டப் பிழை 15 ஆகச் சுருங்கும். இடைவெளி −43 முதல் +7 வரை வந்து, சமானம் நிரூபணமானது போலத் தோன்றும். அது பொய்த் தோற்றம். தீவனம் தடுப்புக்குத்தான் ஒதுக்கப்பட்டது, கோழிக்கு அல்ல. மேற்குப் பக்க வெயில் விழும் தடுப்பு, மின்விசிறிக்கு எட்டாத தடுப்பு, தண்ணீர்க் குழாயின் கடைசியில் இருக்கும் தடுப்பு என ஒவ்வொன்றிலும் 30 கோழிகளும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். எனவே உங்களிடம் இருப்பது தீவனத்துக்கு 12 அளவுகள்தான். சாதாரண டி சோதனையில் இந்தத் தவறு இல்லாத வேறுபாட்டைக் காட்டும். இங்கே இல்லாத சமானத்தைக் காட்டிவிடும்.

எத்தனை தடுப்புகள் வேண்டும்? உண்மை வேறுபாடு பூஜ்யம் என்றால், 80 சதவீத வாய்ப்போடு சமானத்தைக் காட்டத் தீவனத்துக்குச் சுமார் 26 தடுப்புகள் தேவை. உண்மையிலேயே 18 கிராம் குறைவு இருக்கிறதென்றால் ஏறக்குறைய 44. வேறுபாடு எல்லையை நெருங்க நெருங்க இந்த எண்ணிக்கை வேகமாக ஏறும். எல்லையை 70 கிராமாகத் தளர்த்தினால் இன்றைய தரவே தேறிவிடும். முடிவைப் பார்த்த பிறகு தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போதைக்கு அறிக்கையில் இப்படி எழுதுங்கள்: "எடை வேறுபாடு −18 கிராம், 90 சதவீத இடைவெளி −60 முதல் +24, ±50 கிராம் எல்லைக்குள் சமானம் நிறுவப்படவில்லை." அடுத்த சோதனையை, எல்லையையும் தடுப்பு எண்ணிக்கையையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, பல பேட்ச்களில் நடத்துங்கள். பங்குனி வெயிலில் வளர்ந்த பேட்சும் மார்கழிக் குளிரில் வளர்ந்த பேட்சும் ஒரே எடைக்கு வராது. ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு தீவனத்துக்கும் சமமாகத் தடுப்புகளை ஒதுக்கி, பகுப்பாய்வில் பேட்சைத் தனித் தொகுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.