கல்லாவில் எடுப்பதை நிறுத்திவிட்டுச் சம்பளம் கேளுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டுக்காரரின் மளிகைக் கடையில் நாலு வருஷமா இருக்கேன். சம்பளம்னு எதுவும் இல்லை, வேணும்கிறப்ப கல்லாவில் எடுத்துக்கோன்னு சொல்லிட்டார். இப்போ கல்யாணம் ஆகி, குழந்தையும் இருக்கு. மாசச் சம்பளம் கேட்டா உறவு கெட்டுப்போகுமா? எவ்வளவு கேட்கலாம்?

பதில்:

எம்.சி. ரோடு, தண்டையார்பேட்டை பக்கம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. 'வேணும்கிறப்ப எடுத்துக்கோ' என்ற ஏற்பாடு நடக்கும் கடைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். சம்பளம் கேட்டு அங்கே சண்டை வருவது அபூர்வம். கல்லா இடிக்கும்போதுதான் வரும். காலையில் இருந்த ரொக்கம், அன்றைய விற்பனை, க்யூஆரில் வந்தது, சரக்குக்காரருக்குக் கொடுத்தது என்று கூட்டிக் கழித்தால் முந்நூறு ரூபாய் குறைகிறது. உரிமையோடு கல்லாவில் கை வைப்பவர் நீங்கள்தான் என்பதால் எல்லார் பார்வையும் முதலில் உங்கள் மேல் விழும். வாய்விட்டு யாரும் கேட்கமாட்டார்கள் என்பது இன்னும் மோசம்.

அதனால் மாமாவிடம் "சம்பளம் கொடுங்க" என்று தொடங்காதீர்கள். "மாமா, இனிமே நான் கல்லாவுல எடுக்கல, கணக்கா கொடுத்துடுங்க" என்று ஆரம்பியுங்கள். கல்லா கணக்கு நேராவது அவருக்கும் லாபம்தான்.

பேசுவதற்கு முன் ஒரு மாதம், எடுப்பதையெல்லாம் எடுத்த நிமிஷமே எழுதி வையுங்கள். இரவில் கடை சாத்தும்போது நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் நூறு, இருநூறு என்று உருண்டையாக வந்து நிற்கும். வாரம் முழுக்க ஒரே மையில், ஒரே கையோட்டத்தில் இருக்கும் பக்கத்தைப் பார்த்ததுமே மொத்தமாக உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசி, பருப்பு, எண்ணெயைக் கொள்முதல் விலைக்கு எழுதுங்கள். விற்பனை விலைக்கு எழுதினால் உங்கள் சம்பளத்திலேயே கடை லாபம் பார்த்தது போல ஆகிவிடும். வீட்டு வாடகையை மாமா நேராக வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார் என்றால் அதையும் சேருங்கள். அக்கா வீட்டில் சாப்பிடும் மதியச் சோற்றுக்கு விலை போட வேண்டாம். அதைக் கணக்கில் கொண்டுவந்தால் அக்கா மனசு நோகும், தொகையும் பெரிதாக மாறாது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தொகைகளை உங்கள் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதத்தில் ரொக்கமாக எடுத்தது 5,900. சரக்கு 3,600. வாடகை 4,500. ஆக 14,000. இதைக் கேட்டால் இரண்டு பேருமே ஆச்சரியப்படுவீர்கள். எடுப்பவருக்கு ரொக்கம் மட்டும்தான் நினைவில் நிற்கும், கொடுப்பவரோ பள்ளிக்கூட பேக் வாங்கிக் கொடுத்தது வரை நினைவில் வைத்திருப்பார்.

நியாயமான சம்பளம் எது என்பதற்கு நான் பார்க்கும் வழி ஒன்றுதான். நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் அதே வேலைக்கு வெளியாளை எவ்வளவுக்கு வைப்பார்கள்? இங்கே பலர் பொட்டலம் கட்டும் பையனின் சம்பளத்தோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். நீங்கள் சாவி வைத்திருப்பவர், காலையில் கடை திறப்பவர், கொத்தவால்சாவடிக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கும் போய் மிளகாய், பருப்பு விலை பேசி எடுத்து வருபவர். அந்த மாதிரி ஆள் அக்கம்பக்கத்துக் கடைகளில் என்ன வாங்குகிறார் என்று விசாரியுங்கள். எத்தனை மணிநேரத்துக்கு என்பதையும் சேர்த்தே கேளுங்கள். காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை நிற்பவரின் சம்பளமும் எட்டு மணிநேரம் நிற்பவரின் சம்பளமும் ஒன்றாக இருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் முதலாளியோடு வசித்து, அவரை நம்பி வாழும் கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களைத்தான் 'வேலை செய்பவர்' கணக்கில் சேர்ப்பதில்லை. மச்சினன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் உங்களுக்கு நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்ற விதி பொருந்தும். இதை மாமாவிடம் போய்ப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது உரிமைதான், தானம் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

விசாரித்ததில் 18,000 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். வாடகை 4,500 அவரே கட்டட்டும். சரக்கு பற்றில் 3,600 போகட்டும். கைக்கு வரவேண்டியது 9,900. ஞாயிறுதோறும் 1,500, மீதியை மாசக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள். மீதித் தொகையை மட்டுமாவது வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாளைக்கு வண்டிக்கு லோன் கேட்டால் பாஸ்புக்கில் காட்ட ஏதாவது இருக்கும்.

நோட்டு எளிமையாக இருந்தால்தான் ஓடும். ஒரு நீள நோட்டில் தேதி, விவரம், பற்று, மீதி, கையெழுத்து என்று ஐந்து பத்தி போதும். முதல் பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு சம்பளம், அதில் எதெல்லாம் கழியும், வார லீவு எந்த நாள் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மாசம் முடிந்ததும் பக்கத்தை போட்டோ எடுத்து மாமாவுக்கும் அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு, ஊருக்கு என்று அவர் அவசரத்துக்குக் கொடுப்பதைச் சம்பளப் பற்றோடு கலக்காதீர்கள். கைமாத்தா, சும்மா கொடுத்ததா என்று அன்றைக்கே கேட்டு, கைமாத்து என்றால் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

வீட்டுச் செலவுக்கும் இந்த அமைப்பு ஒத்துவரும். வாரம் வரும் 1,500 பால், காய், மீன், பஸ்ஸுக்கு. நாலு ஞாயிறு உள்ள மாதத்தில் கடைசியில் 3,900 வரும். அதில் சிலிண்டருக்கு 900, இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லுக்குப் பாதியாக 500, போனுக்கு 500, சீட்டுக்கு 1,000 போனால் 1,000 நிற்கும். அதைத் தொடாதீர்கள். ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் கடைசியில் 2,400தான் கிடைக்கும், 500 துண்டு விழும். அந்த மாசத்தில்தான் நம் பக்கத்தில் பலர் தண்டலுக்குப் போகிறார்கள். 8,500 கையில் வாங்கிக்கொண்டு நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டுவது 500 ரூபாய்ப் பள்ளத்துக்கு ரொம்பப் பெரிய விலை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வரும். "உனக்குன்னு பின்னாடி ஒரு கடை வெச்சுத் தரேன்டா" என்பார் மாமா. தெற்கேயிருந்து வந்த அண்ணாச்சி கடைகளில் இப்படி வளர்ந்து தனிக்கடை போட்டவர்கள் உண்டு, அதனால் அவர் மனதாரக்கூடச் சொல்லலாம். அதற்காக 18,000-த்தில் 3,000 குறைத்துக்கொள்ள நீங்களும் ஒத்துக்கொள்ளலாம். அப்படியானால் 'மாமாவிடம் இருப்பு' என்று ஆறாவதாக ஒரு பத்தி போட்டு, மாசாமாசம் அந்த 3,000-ஐ ஏற்றி, கூட்டுத்தொகைக்கு நேராக அவர் கையெழுத்தை வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் முழுச் சம்பளத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடை வைத்துத் தந்தால் சந்தோஷம், ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.