40 லட்சம் தாண்டிட்டேனா? கடைக்காரங்க கேட்ட ஜிஎஸ்டி கேள்விகள்

இந்த முறை வந்த கடிதத்துல முக்கால்வாசி ஒரே கேள்விதான், நான் எப்ப ரிஜிஸ்டர் பண்ணணும்னு. நம்மாளுங்க நிறைய பேர் இன்னும் சேல்ஸ் டாக்ஸ்னுதான் எழுதறாங்க, 2017 ஜூலைல இருந்து அது ஜிஎஸ்டி, அந்தக் கணக்கைத்தான் சொல்றேன். தமிழ்நாட்டுல சரக்கு மட்டும் விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம், சர்வீஸ் கலந்தா 20 லட்சம். வருஷம்னா ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும்.

சார், எனக்கு வருஷத்துக்கு லாபமே 4 லட்சம்தான் நிக்குது, நான் எதுக்கு ரிஜிஸ்டர் பண்ணணும்? (பாத்திரக் கடை, கும்பகோணம்)

லாபத்தை யாரும் கேக்கல. எவ்வளவுக்கு வித்தீங்கங்கறதுதான் கணக்கு. கல்லாவுல விழுந்த மொத்த விற்பனையைக் கூட்டி எழுதுங்க, அது தெரியாம உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

மளிகை கடை வச்சிருக்கேன். வருஷம் மொத்தம் 43 லட்சம் ஓடுது. அதுல சில்லறை அரிசி, காய்கறி, பால், முட்டைன்னு வரி இல்லாததே 25 லட்சம். சோப்பு, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் சேர்த்து 18 லட்சம்தான். எங்க ஊர்ல கணக்கு எழுதறவர் வரி உள்ள சரக்கை மட்டும் பாத்தா போதும், 40-க்கு நீங்க ரொம்ப தூரம்னு சொல்றார். சரியா? (திண்டுக்கல்)

தப்பு. இந்தத் தப்பை நான் எத்தனை தடவை எழுதியும் ஊர் ஊருக்கு யாராவது ஒருத்தர் கடைக்காரங்களுக்கு இதையே சொல்லிட்டு இருக்காங்க, நோட்டீஸ் வர்றது மட்டும் கடைக்காரருக்கு. ரிஜிஸ்டர் பண்ணணுமான்னு பாக்கறதுக்கு ஒரு கணக்கு, வரி எவ்வளவு கட்டணும்ங்கறதுக்கு வேற கணக்கு. முதல் கணக்குல வரி இல்லாத சரக்கும் சேரும், சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. உங்க பான் நம்பர்ல நடக்கற எல்லா விற்பனையும், வரி உள்ளது, வரி இல்லாதது, வேற ஊர்ல இன்னொரு கடை இருந்தா அதுவும் சேர்த்து ஒரே மொத்தம். அப்ப உங்க கணக்கு 43 லட்சம். ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்.

இப்ப பயப்படாம ரெண்டாவது கணக்கைப் பாருங்க. வரி 18 லட்சத்துக்கு மட்டும்தான், அரிசிக்கும் காய்கறிக்கும் ஒரு பைசா கிடையாது. சின்ன வியாபாரிங்க விற்பனையில ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் கட்டற காம்போசிஷன் திட்டத்தை எடுத்தா கடை வியாபாரிக்கு வரி உள்ள விற்பனையில 1 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 18,000, மூணு மாசத்துக்கு ஒருதரம் சுமாரா 4,500 கட்டணும். கஸ்டமர்கிட்ட வரின்னு தனியா வாங்கக் கூடாது, வெளி மாநிலத்துக்கு சரக்கு அனுப்பக் கூடாது, வாங்கின சரக்குல கட்டின வரியைக் கழிச்சுக்க முடியாது. ரெகுலர்ல போனா வித்த வரியில இருந்து வாங்கின வரியைக் கழிச்சு மிச்சத்தைக் கட்டணும். 2025 செப்டம்பர்ல ரேட் குறைஞ்ச பிறகு குளியல் சோப்பு, பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்துடுச்சு, சமையல் எண்ணெய் ஏற்கெனவே 5 தான், உங்களுக்கு 10 சதவீதம் மார்ஜின்னு வச்சா 1.8 லட்சத்துக்கு 5 சதவீதம், 9,000 ரூபாய் பக்கம்தான் கையில இருந்து போகும். அதனால காம்போசிஷன்தான் எப்பவும் மலிவுன்னு கண்ணை மூடிட்டு எடுக்காதீங்க. ஆனா ரெகுலர்ல பில் புக், ரிட்டர்ன், வாங்கின பில் ஒவ்வொண்ணும் ஒழுங்கா இருக்கணும், தனியாளா கடையைப் பாத்துக்கறவருக்கு அந்த 9,000 மிச்சத்தை விட நிம்மதி முக்கியமா படலாம், அது உங்க முடிவு.

இன்னொண்ணு. வெறும் காய்கறி, வெறும் பால்னு முழுக்க முழுக்க வரி இல்லாத சரக்கு மட்டும் விக்கறவருக்கு ஒரு கோடி ஓடினாலும் ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். அதே காய்கறி கடையில 45 லட்சம் ஓடி, அதுல 50,000-க்கு சோப்பு வித்திருந்தா சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணணும், ஏன்னா "முழுக்க"ங்கறது போயிடுச்சு. அரிசியிலயும் கவனம், மூட்டையைப் பிரிச்சு நிறுத்துப் போட்டா வரி இல்லை, 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி வர்றதுக்கு 2022 ஜூலைல இருந்து 5 சதவீதம். நீங்க சொன்ன அந்த 25 லட்சத்துல பாக்கெட் அரிசி எவ்வளவுன்னு எழுதவே இல்லையே, அதைப் பிரிச்சு எழுதுங்க, 18-ங்கறது 21 ஆகலாம்.

ஹார்டுவேர் கடை. நவம்பர் 18-லயே 40 தாண்டிடுச்சு. வருஷம் முடியட்டும், ஏப்ரல்ல புதுசா பதிஞ்சுக்கலாம்னு இருக்கேன். (ஈரோடு)

இப்படி இருக்கலாம்னு யார் சொன்னது? தாண்டின அன்னைக்கே பொறுப்பு ஆரம்பம், அதுல இருந்து 30 நாளைக்குள்ள gst.gov.in-ல REG-01ங்கற ரிஜிஸ்ட்ரேஷன் விண்ணப்பத்தைப் போடணும். உங்களுக்கு டிசம்பர் 18. அதுக்குள்ள போட்டா ரிஜிஸ்ட்ரேஷன் நவம்பர் 18-ல இருந்தே செல்லும், அதுக்கு முந்தின நாள் கடையில இருந்த சரக்குக்கு நீங்க கட்டி வாங்கின வரியையும் ITC-01ங்கற படிவத்தைப் போட்டு எடுத்துக்கலாம். வாங்கின பில் இருக்கணும், ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது.

ஏப்ரல்ல போட்டா என்ன ஆகும்னு உங்க நம்பரையே வச்சு சொல்றேன். இனிமே மாசம் 4 லட்சம்தான் ஓடும்னு எழுதியிருக்கீங்க. நவம்பர் நடுவுல இருந்து மார்ச் கடைசி வரை 18 லட்சம். உங்க சரக்குல பெரும்பகுதி 18 சதவீதம், அப்ப வரியே 3 லட்சம் பக்கம். இந்த மூணு லட்சத்தை நீங்க கஸ்டமர்கிட்ட வாங்கல, இனிமே போய்க் கேக்கவும் முடியாது, கைக்காசு. உங்களுக்கு அந்த 18 லட்சத்துல நின்ன லாபமே 10 சதவீதம் போட்டா 1.8 லட்சம்தான். இதுக்கு மேல வருஷத்துக்கு 18 சதவீத வட்டி, பெனால்டி 10,000 இல்லன்னா அந்த வரி அளவு, எது அதிகமோ அது. பழைய சரக்குக்கு வரி கழிக்கறதும் சிக்கலாயிடும். நாள் இன்னும் இருந்தா இன்னைக்கே போடுங்க, நாள் போயிருந்தாலும் அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களா போய் பதிஞ்சு கட்டிடுங்க.

எல்லாருக்கும் சொல்றேன், மார்ச்சுல கணக்குப் பாக்காதீங்க. ஏப்ரல் 1-ல இருந்து மாசா மாசம் விற்பனையைக் கூட்டிக்கிட்டே வாங்க, 32, 33 லட்சம் வந்ததும் பேப்பரை ரெடி பண்ணுங்க.

எலக்ட்ரிக்கல் கடை, வருஷம் 28 லட்சம். மாடியை ஒரு டியூஷன் சென்டருக்கு மாசம் 15,000-க்கு விட்டிருக்கேன். 40 வரைக்கும் கவலை இல்லைதானே? (நாமக்கல்)

இல்லை, கவலை இருக்கு. வியாபாரத்துக்கு இடம் வாடகைக்கு விடறது சர்வீஸ். 40 லட்சம் சரக்கு மட்டும் விக்கறவருக்கு. வாடகையும் கடையும் ஒரே பான்ல இருந்தா உங்க எல்லை 20 லட்சம், நீங்க 28-ஐயும் 1.8-ஐயும் கூட்டினா 30 பக்கம், ஏற்கெனவே தாண்டியாச்சு. பேங்க் டெபாசிட் வட்டி மட்டும் வந்தா அதனால 40 லட்சம் சலுகை போகாது. மாடி யார் பேர்ல இருக்கு, வாடகை யார் அக்கவுண்ட்டுக்கு வருதுன்னு நீங்க எழுதல. அதைப் பாத்துட்டு உடனே ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

டீக்கடைக்கும் 40 லட்சம்தானே? (தாம்பரம்)

இல்ல. டீ, வடை, டிபன் போட்டுக் குடுக்கறது சர்வீஸ் கணக்கு, 20 லட்சம். தினம் 5,500 ஓடினாலே அங்க வந்துடும்.

மர சாமான் கடை, வருஷம் 15 லட்சம் கூட இல்ல. பாண்டிச்சேரி கஸ்டமருக்கு லாரியில போட்டு அனுப்பலாமா? (கடலூர்)

பாண்டிச்சேரி பக்கத்துல இருந்தாலும் ஜிஎஸ்டிக்கு அது வெளி மாநிலம் மாதிரிதான். நீங்க இங்கிருந்து வரி உள்ள சரக்கை அங்க அனுப்பினா முதல் ரூபாய்ல இருந்தே ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், 40-ங்கற பேச்சே கிடையாது. கஸ்டமர் உங்க கடைக்கே வந்து காசு குடுத்து அவரே தூக்கிட்டுப் போனா அது உள்ளூர் விற்பனை. ஆனா பில்லுல அவரோட பாண்டிச்சேரி அட்ரஸை எழுதிட்டீங்கன்னா விற்பனை அங்க நடந்ததாதான் கணக்கு, 2023 அக்டோபர்ல இருந்து அப்படி. கைவினைப் பொருளுக்கு மட்டும் தனி சலுகை உண்டு, கட்டில் பீரோவுக்கு இல்ல.

இதையேதான் இன்ஸ்டாகிராம்ல புடவை விக்கறவங்களுக்கும் சொல்றேன், அஞ்சாறு பேர் கேட்டிருக்கீங்க. தமிழ்நாட்டுக்குள்ளயே அனுப்பினா 40 வரைக்கும் பிரச்சினை இல்ல, பெங்களூருக்கு ஒரு பார்சல் போட்டாலும் முதல்ல ரிஜிஸ்டர் பண்ணுங்க.

ஜிபே-ல மட்டும் 43 லட்சம் வந்திருக்கு. ஆனா அதுல மச்சான் திருப்பிக் குடுத்த கடன், சீட்டுப் பணம், வீட்டுச் செலவுன்னு எல்லாம் இருக்கு. நோட்டீஸ் வருமா? (ஓசூர்)

வரலாம். 2025 ஜூலைல பெங்களூர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குப் பக்கத்துலயே பாத்திருப்பீங்க, யுபிஐ வரவை வச்சு கர்நாடக வணிக வரித்துறை சின்னச் சின்ன கடைக்கெல்லாம் நோட்டீஸ் விட்டு, நிறைய கடையில க்யூஆர் அட்டையைக் கழட்டிட்டு கேஷ் மட்டும்னு எழுதி வச்சாங்க. க்யூஆரைக் கழட்டறதால எதுவும் மாறாது, கேஷ்ல வித்தாலும் விற்பனை விற்பனைதான், அதையும் கூட்டணும். அதே நேரம் அக்கவுண்ட்ல வந்த எல்லாமே விற்பனை ஆகிடாது, மச்சான் கடனும் சீட்டும் டர்ன்ஓவர்ல வராது. ஆனா அது கடன்தான்னு நீங்கதான் காட்டணும்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பெரிய வரவு பக்கத்துலயும் யார், எதுக்குன்னு எழுதுங்க, ஞாபகம் இருக்கும்போதே. அப்புறம் கேஷ் விற்பனையைச் சேருங்க, நீங்க அதை எழுதவே இல்ல, வெறும் ஜிபே நம்பரை வச்சு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? இனிமே கடைக்குன்னு தனி கரன்ட் அக்கவுண்ட், தனி க்யூஆர். வீட்டுப் பணம் அதுல ஒரு ரூபா கூட வரக் கூடாது. நோட்டீஸ் வந்தா பேசாம வச்சுக்காதீங்க, அதுல போட்டிருக்கற தேதிக்குள்ள பதில் குடுங்க. பதில் குடுக்காதவங்களுக்குத்தான் அவங்களே ஒரு நம்பர் போட்டு வரி கட்டச் சொல்லுவாங்க.

பாதி விற்பனையை மனைவி பேர்ல காட்டினா ரெண்டு பேரும் 40-க்குள்ள வந்துடுவோமே? (மதுரை)

அவங்க தனியா முதல் போட்டு, தனியா சரக்கு வாங்கி, தனி அக்கவுண்ட்ல தனியா வியாபாரம் பண்ணினா அது அவங்க கணக்கு, தப்பே இல்ல. ஒரே கல்லா, ஒரே குடோன், சாயங்காலம் ஒரே ஆள் பணம் எண்றதுன்னா ரெண்டையும் சேர்த்துதான் பாப்பாங்க, அப்ப மறைச்சதுக்கும் சேர்த்துக் கட்டணும். நீங்க எழுதினதைப் பாத்தா உங்களது ரெண்டாவது வகை. செய்யாதீங்க.